சிங்கப்பூரிலிருந்து வந்த இரங்கல் கடிதமும் 250 ரூபாயும்

பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, ஆஸ்பத்திரி ஒப்புதல் படிவம், இவைதான் என் பிழைப்பு. திருச்சியில் வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். பாதி வேலை ஒரு ஏஜென்சி வழியாக வரும். போன வருஷம் அப்படி வந்த ஒரு வேலை ஒன்றரைப் பக்கம்தான், ஆனால் முந்நூறு பக்க ஒப்பந்தங்கள்கூட என்னை அந்தப் பாடு படுத்தியதில்லை. இரங்கல் கடிதத்தை எப்படித் தமிழாக்குவது என்று சொல்லிக்கொடுக்க அப்போது யாரும் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாரும் சட்டம், மருத்துவம் செய்கிறவர்கள். இனி இப்படி ஒரு கடிதம் யார் கையிலாவது வந்து விழுந்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் ஒரு ஷிப்யார்டில் லிஃப்டிங் சூப்பர்வைசராக இருந்தார். வயது 52. ஒரு நாள் ராத்திரி தங்கியிருந்த டார்மில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். உடல் விமானத்தில் திருச்சி வந்து, ஊருக்குப் போய், அடக்கமும் முடிந்துவிட்டது. அவருடைய மேனேஜர், இங்கிலாந்துக்காரர், இறந்தவரின் மனைவிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அது தமிழில், 16ஆம் நாள் கருமாதிக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். ஏஜென்சி எனக்கு அனுப்பியது அந்த ஆங்கிலக் கடிதத்தையும், ஏற்கெனவே யாரோ செய்து முடித்திருந்த தமிழையும். “ப்ரூஃப் மட்டும் பார்த்துக் கொடுங்கள், 250 ரூபாய்” என்றார்கள்.

திறந்து பார்த்தால் முதல் பத்தி இப்படி இருந்தது: “தங்கள் கணவரின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த வேதனையும் துயரமும் அடைந்தோம். அன்னாரது மறைவு எமது நிறுவனத்திற்கு ஈடுசெய்ய இயலாத பேரிழப்பாகும்.” ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் மாதிரி இருந்தது. செய்தவரைக் குறை சொல்லவும் முடியாது. தமிழில் இரங்கலை எழுத்தாக நாம் எங்கே பார்க்கிறோம்? போஸ்டரில், பேப்பர் விளம்பரத்தில், கட்சித் தலைவர்களின் அறிக்கையில். மூன்றுமே தெருவில் போகிறவர் பார்ப்பதற்காக எழுதப்படுகிறவை. வீட்டு மனிதர்களுக்குள் இரங்கலை நாம் எழுதுவது குறைவு. நேரில் போய்த் துக்கம் கேட்போம், கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்வோம், பல நேரம் அதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவோம். வார்த்தைகள் இருக்கின்றன, ஆனால் அவை வாயில்தான் இருக்கின்றன. இது புரிந்த பிறகுதான் எனக்கு எங்கே தேடுவது என்றே தெரிந்தது.

பிளெக்ஸ் வாடை இல்லாத பத்திகள் அதைவிட மோசம். “எங்கள் எண்ணங்களும் பிரார்த்தனைகளும் உங்களுடன் இருக்கின்றன.” “அவரது வாழ்க்கையைக் கொண்டாட ஒரு கூட்டம் நடத்தினோம்.” “அவரை எங்களுடன் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி.” இந்தக் கடைசி வரியைப் படித்தபோது நிஜமாகவே உடம்பு கூசியது. ஆங்கிலத்தில் அது நெகிழ்வான வாக்கியம். குடும்பத்தோடு இருந்திருக்க வேண்டிய மனிதர் எங்களோடு இருந்தார், அதற்கு நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள் என்று அர்த்தம். வருஷக்கணக்காகப் புருஷனைப் பிரிந்து இருந்த பெண்ணிடம் அதையே தமிழில் இப்படிச் சொன்னால் அடி விழும்.

இது ப்ரூஃப் பார்க்கிற வேலை இல்லை, புதிதாக எழுத வேண்டும் என்று ஏஜென்சிக்குச் சொன்னேன். செய்யுங்கள், ஆனால் அதே 250தான் என்றார்கள். வழக்கமாக நான் வாங்குவது சொல்லுக்கு ஒன்றரை ரூபாய். 420 சொல் கடிதத்துக்கு அதுவே 630 வந்திருக்கும். கருமாதித் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. எரிச்சலோடுதான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் நான் யோசித்தது, இந்தக் கடிதம் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பதை. இங்கிலாந்தில் ஒரு பெண் இதைத் தனியாக உட்கார்ந்து மனதுக்குள் படிப்பாள். பட்டுக்கோட்டைப் பக்கத்து வீட்டில் அப்படி நடக்காது. மகளோ, கொழுந்தனார் மகனோ சத்தமாகப் படிப்பார்கள், சுற்றிப் பங்காளி, மாமன் மச்சான், அக்கம்பக்கம் எல்லாரும் கேட்பார்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியில் சக தொழிலாளர்கள் வசூல் செய்த தொகை எவ்வளவு, அது எந்த வங்கிக் கணக்குக்கு வரும், நிறுவனத்திலிருந்து வர வேண்டிய பாக்கிக்கு என்னென்ன தாள் அனுப்ப வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தார்கள். நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் இருபது பேர் நடுவில் தொகையைப் படித்தால் அதே நிமிஷம் அது ஊர்ச் சொத்தாகிவிடும். கடன் கொடுத்தவர் காதில் விழும், பங்காளிக்குள் பேச்சு கிளம்பும், அந்த அம்மாவுக்குத் துக்கத்தோடு இதுவும் சேரும். அதனால் பணம் பற்றிய பத்தியை முழுக்க வெளியே எடுத்துத் தனித்தாளில், தனிக்கவரில், மனைவியின் பெயர் போட்டு அனுப்பச் சொன்னேன். கடிதத்தில் “மற்ற விவரங்கள் தனியாக வருகின்றன” என்றுகூட எழுத வேண்டாம் என்றேன். மொழிபெயர்ப்பாளன் இதையெல்லாம் சொல்லலாமா என்று தயக்கம் இருந்தது. சொன்னதும் அந்த மேனேஜர் உடனே ஒத்துக்கொண்டார், அவருக்கு அது தோன்றவே இல்லையாம். நீங்களும் கடிதத்தில் பணம், காப்பீடு, சாமான் திருப்பி அனுப்புவது பற்றி ஏதாவது இருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள்.

சத்தமாகப் படிக்கப்படும் என்பது வாக்கியத்தையும் மாற்றும். அழுதுகொண்டே ஒரு பிள்ளை படிக்க வேண்டிய வாக்கியம் நீளமாக இருந்தால் நடுவில் மூச்சு முட்டும். “அன்னாரது”, “எமது” போன்ற சொற்களில் நாக்கு தடுக்கும். எழுதிய ஒவ்வொரு பத்தியையும் நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வாக்கியத்தை எல்லாம் இரண்டாக வெட்டினேன். நீங்கள் செய்ய வேண்டிய வேறு எந்தச் சோதனையையும்விட இது பலன் தரும்.

அடுத்து, கடிதத்தில் இல்லாததைக் கேட்டு வாங்குவது. இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது, இதனால்தான் கடிதம் உருப்படியானது என்றும் நினைக்கிறேன். ஏஜென்சி மூலம் அனுமதி வாங்கி இரண்டு பேரிடம் பேசினேன். ஒருவர் கடிதம் எழுதிய மேனேஜர். இன்னொருவர் இறந்தவரின் மைத்துனர், மனைவியின் தம்பி. அவர் தஞ்சாவூரில் இருக்கிறார்.

மேனேஜரிடம் நான் கேட்டது, அவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று. கடிதம் முழுக்க மொட்டையாகப் பெயர்தான் இருந்தது. ஆங்கிலத்தில் அது நெருக்கம். தமிழில் 52 வயது மனிதரைப் பெயர் சொல்லி எழுதினால் மரியாதைக் குறைவு, பெயரோடு “அவர்கள்” சேர்த்தால் மேடைப் பேச்சு. அவர் சொன்ன பதில் நான் எதிர்பார்க்காதது. யார்டில் தமிழ்ப் பையன்கள் அவரை “அண்ணே” என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பங்களாதேஷ்காரர்களும் அண்ணே என்றே கூப்பிடுவார்களாம், கடைசியில் இவரும் அப்படித்தான் கூப்பிட்டாராம். ஆங்கிலக் கடிதத்தில் அதை எழுத அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. கடிதம் முழுக்க “அண்ணன்” என்று போட்டேன்.

ஆனால் அதோடு ஒரு சிக்கலும் வந்தது. அவரை அண்ணன் என்றால் மனைவியை எப்படி விளிப்பது? பழைய மொழிபெயர்ப்பில் “அன்புள்ள சகோதரிக்கு” என்று இருந்தது. அண்ணனின் மனைவி சகோதரி ஆவாளா? உறவு உதைக்கும். “அன்புள்ள அம்மா” என்று எழுதலாம், ஆனால் அந்த வீட்டில் ஒரு அம்மா ஏற்கெனவே இருக்கிறார், அதைப் பிறகு சொல்கிறேன். “அண்ணி” என்பதுதான் முறை. முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் அண்ணி என்று எழுதினால் ஒட்டாமல் நிற்குமோ என்று மைத்துனரிடம் கேட்டேன். “உடம்போடு வந்த பையன்கள் எல்லாம் அக்காவை அண்ணின்னுதான் கூப்பிட்டாங்க. அவர் மட்டும் என்னங்க, எழுதட்டும்” என்றார். மேனேஜருக்கு அந்த உறவுமுறையை விளக்கி எழுதினேன், அவரும் சரி என்றார். இப்படி விளியை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். அந்த வீட்டு ஆள் ஒருவரும் எழுதியவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் உறவுமுறை போடுங்கள். கேட்க வழியே இல்லை என்றால் “அன்புள்ள அம்மா அவர்களுக்கு” என்று எழுதினால் பெரும்பாலும் தப்பாகாது.

மைத்துனரிடம் பேசும்போதுதான் இறந்தவரின் தாயார் உயிரோடு இருக்கிறார், அதே வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. ஆங்கிலக் கடிதம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் ஆறுதல் சொல்லியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் அது சரிதான். ஆனால் கூடத்தில் ஒரு மூலையில் அந்தப் பாட்டி உட்கார்ந்திருக்க, கடிதம் முழுக்கப் படித்து முடித்தும் பெற்றவளைப் பற்றி ஒரு சொல் இல்லை என்றால் எப்படி இருக்கும்? மேனேஜரிடம் சொல்லி ஒரு வரி எழுதி வாங்கினேன். அவர் அனுப்பியதைத் தமிழில் “மகனைப் பறிகொடுத்து நிற்கும் உங்கள் அத்தைக்கு ஆறுதல் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை” என்று வைத்தேன். தாயார், தகப்பனார், கல்யாணமாகாத தங்கை என்று வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தமிழ் இரங்கல் கடிதத்தைத் தொடங்கவே கூடாது என்பேன்.

மைத்துனரிடம் இன்னொன்றும் கேட்டேன். அக்கா அடிக்கடி எதைக் கேட்கிறார் என்று. கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள், தண்ணீராவது குடித்தாரா, இதையேதான் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை, “அதிகம் கஷ்டப்படாமல் சீக்கிரம் போய்விட்டார்” என்று மட்டும் இருந்தது. நம் பக்கம் இந்த வாக்கியத்துக்கு வயது உண்டு. எண்பது வயதுப் பெரியவர் என்றால் “படுக்கையில் விழாமல், யாருக்கும் பாரமில்லாமல் போய்ச் சேர்ந்தார்” என்று நாமே சொல்வோம், கேட்பவருக்கும் அது ஆறுதல். 52 வயதில் போனவருக்கு அதைச் சொன்னால் குத்தும். மேனேஜர் டார்மில் விசாரித்துச் சொன்னார். அறையில் கூட இருந்த பையன் மன்னார்குடிக்காரன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவரைத் தாங்கி மடியில் சாய்த்துக்கொண்டிருக்கிறான், தண்ணீர் கொடுத்திருக்கிறான், ஆம்புலன்ஸ் வரும்வரை கையை விடவில்லை. “சீக்கிரம் போய்விட்டார்” என்ற வரியை எடுத்துவிட்டு இந்த விவரத்தை அப்படியே மூன்று சிறிய வாக்கியங்களாக வைத்தோம். நானாக எதையும் சேர்க்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய பிறகுதான் தமிழாக்கினேன். மனதைத் தொட வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளன் கையிலிருந்து ஒரு சம்பவத்தைப் போட்டால், பிறகு அந்தக் குடும்பம் யாரிடமாவது விசாரிக்கும்போது குட்டு உடைந்துவிடும்.

இனி வரி வரியாகச் செய்தது. எல்லாவற்றையும் சொல்லவில்லை, எனக்கு மண்டை காய்ந்த சிலவற்றை மட்டும்.

“எல்லோராலும் நேசிக்கப்பட்டார்” என்பதை “அவரைப் பிடிக்காதவர் என்று இங்கே ஒருத்தர் கிடையாது” என்று மாற்றினேன். இப்படிப் புகழ்ச்சியை எதிர்மறையில் சொன்னால்தான் தமிழில் நெஞ்சிலிருந்து வருவது போல் இருக்கும். “ஒரு சுடுசொல் சொன்னதில்லை”, “முகம் கோணியதில்லை” என்று துக்க வீட்டில் நாம் பேசுவது எல்லாம் இந்த வகைதான். “வறண்ட நகைச்சுவை உணர்வு” என்று ஒன்று இருந்தது. அதை “தான் சிரிக்க மாட்டார், எங்களைச் சிரிக்க வைத்துவிடுவார்” என்று எழுதினேன். “பகிர்ந்துகொண்டதற்கு நன்றி” என்ற வரி, “உங்களையும் பிள்ளைகளையும் பிரிந்து இத்தனை வருஷம் எங்களோடு நின்று உழைத்தார். அதற்கு உங்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்” என்று ஆனது. எண்ணங்களும் பிரார்த்தனைகளும் இருந்த இடத்தில், “உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறோம். கடவுள்தான் உங்களுக்குத் தெம்பு கொடுக்க வேண்டும்.” வாழ்க்கையைக் கொண்டாடிய கூட்டம், “வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடி அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்” என்று ஆனது. அங்கே நடந்ததும் அதுதான்.

“காலம் உங்கள் காயத்தை ஆற்றும்” என்ற வரியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நாமும் இதைச் சொல்கிறோம்தான். ஆனால் “ஆற்றும்” என்று சொல்வதில்லை, “காலம்தான் ஆற்ற வேண்டும்” என்கிறோம். முதலாவது ஆருடம், இரண்டாவதில்தான் சொல்பவரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது தெரிகிறது. அப்படியே மாற்றி வைத்துக்கொண்டேன்.

ஒரு நல்ல வரி என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது. அண்ணன் பார்த்துப் பார்த்து வேலை செய்ததால் பல இளைஞர்கள் பத்திரமாக வீடு திரும்பினார்கள் என்று மேனேஜர் எழுதியிருந்தார். உண்மை, பெரிய புகழ்ச்சியும்கூட. ஆனால் பெட்டியில் வந்த மனிதரின் வீட்டில் போய் “மற்றவர்கள் வீடு திரும்பினார்கள்” என்று படிக்க முடியுமா? அதை இப்படி ஆக்கினேன்: “பாரம் தூக்குவதற்கு முன்னால் ஒரு சுற்று சுற்றிவந்து பார்க்காமல் அண்ணன் கையைக் காட்ட மாட்டார். அவர் நிற்கிறார் என்றால் பையன்களுக்கு ஒரு தைரியம்.” புகழ்ச்சி அப்படியே இருக்கிறது, உறுத்துகிற சொல் போய்விட்டது. கடிதத்தை முடித்ததும் வீடு, பயணம், திரும்புதல், மீண்டும் சந்தித்தல் ஆகிய சொற்கள் எங்கே வருகின்றன என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்றுகூட நாம் சொல்வதில்லை அல்லவா, அந்தக் காதுதான் இந்தக் கடிதத்தையும் கேட்கப் போகிறது.

“விரைவில் உங்களை வந்து சந்திப்பேன் என்று நம்புகிறேன்” என்ற முடிவு வரியையும் அதனால்தான் பிடித்துக் கேட்டேன், நிஜமாகவே வருவீர்களா என்று. அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆங்கிலத்தில் அது ஒரு மரியாதை வார்த்தை. நம் வீட்டில் துக்கம் கேட்க வருகிறேன் என்று ஒருவர் எழுதினால் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். எடுத்துவிட்டோம். “ஏதாவது உதவி தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள்” என்பதற்குப் பதிலாக யார்டு ஆபீஸில் தமிழ் பேசுகிற ஒருவருடைய போன் நம்பரைப் போட்டு, “எங்களை வேற்று ஆளாக நினைக்க வேண்டாம். எதுவானாலும் இந்த நம்பருக்குப் பேசுங்கள்” என்று முடித்தோம்.

இன்னொரு சின்ன விஷயம். ஆங்கிலத்தில் ‘நம் இழப்பு’, ‘எங்கள் இழப்பு’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் “நாம் இழந்துவிட்டோம்” என்று வெளியாள் எழுதினால், பெண்டாட்டியின் துக்கத்தில் தானும் பங்கு கேட்பது போல இருக்கும். “எங்கள் இழப்பு” என்றால் அவர்கள் கதை தனியாகப் போய்விடும். “எங்களுக்கும் மனசு ஆறவில்லை” என்று ஒரு ‘உம்’ சேர்த்தால் போதும். உங்கள் துக்கம்தான் பெரிது, அதற்குப் பக்கத்தில் நாங்களும் நிற்கிறோம் என்று ஆகிவிடும்.

இதெல்லாம் முடிந்து அனுப்பிய பிறகுதான் உண்மையான தலைவலி. அந்த நிறுவனத்தில் ஒரு விதி, தமிழில் போகிற எதுவும் வேறொருவரால் மறுபடி ஆங்கிலமாக்கப்பட்டு மூலத்தோடு ஒப்பிடப்பட வேண்டும். ஒப்பிட்டவர் பத்தி பத்தியாகச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினார். ‘நேசிக்கப்பட்டார்’ எங்கே, ‘கொண்டாட்டம்’ எங்கே, மூலத்தில் இல்லாத ‘அண்ணன்’ எப்படி வந்தது. மொழிபெயர்ப்பு நம்பகமாக இல்லை என்று ஏஜென்சி எனக்கு ஒரு மதிப்பெண் வேறு போட்டது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபம் ஒரு பக்கம், இவர்கள் பழைய பிளெக்ஸ் தமிழையே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். மறுநாள் முழுவதும் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு, ஒரு அட்டவணை போட்டேன். மூல வரி, தமிழ் வரி, அதைக் கேட்கிற வீட்டில் அது என்ன அர்த்தம் தரும், சொல்லுக்குச் சொல் வைத்திருந்தால் என்ன அர்த்தம் வந்திருக்கும், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டுத் தானே கையெழுத்துப் போட்டு ஒப்புதல் கொடுத்தார். சிவப்புக் கோடு போட்டவரும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்த அட்டவணையைக் கேட்பதற்கு முன்பே கடிதத்தோடு சேர்த்து அனுப்பிவிட வேண்டும். இப்படி ஒப்பிடும் வழக்கம் இருக்கிறதா என்று வேலையை எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டால் ஒரு நாள் கூலி மிச்சமாகும்.

அச்சில் ஒரு கூத்து. லெட்டர்ஹெட்டில் அடித்து அவர்கள் திருப்பி அனுப்பிய பக்கத்தில் கொம்பெல்லாம் எழுத்தை விட்டுத் தனியாக நின்றது. “கொடுக்க” என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது தெரியாது, அப்படியே போயிருக்கும். அங்கே திருத்த நேரமில்லை. நானே தில்லை நகரில் ஒரு கடையில் கனமான வெள்ளைத் தாளில் அச்சடித்தேன். தமிழ்க் கடிதத்தை முன்னால் வைத்து, மேனேஜர் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதத்தின் நகலைப் பின்னால் சேர்த்தேன், மகள் காலேஜில் படிக்கிறாள், ஒரு நாள் அதையும் படிப்பாள். மைத்துனர் திருச்சி வந்து வாங்கிக்கொண்டு போனார். வேர்டு கோப்பாக அனுப்பாமல் பி.டி.எஃப் ஆக அனுப்புங்கள், அவர்கள் அச்சடிப்பதாக இருந்தால் அச்சுக்கு முன் ஒரு பிரதியை வாங்கி நீங்களே பாருங்கள்.

அச்சு, தாள், போன் பேச்சு எல்லாம் போக 250 ரூபாயில் மிச்சம் என்று ஒன்றுமில்லை. அட்டவணைக்குத் தனியாகக் கேட்டேன், தரவில்லை.

எழுத விட்டுப்போன ஒன்று, சமயம். இந்த வீட்டில் “அண்ணன் ஆன்மா சாந்தியடைய வேண்டிக்கொள்கிறோம்” என்பது பொருந்தியது, மைத்துனரிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்தச் சபைக் குடும்பங்களில் இறந்தவருக்காக வேண்டும் வழக்கம் இல்லை, கர்த்தர் குடும்பத்தைத் தேற்ற வேண்டும் என்றுதான் எழுத வேண்டும். கத்தோலிக்க வீட்டில் “நித்திய இளைப்பாற்றி” என்பது பழகிய சொல். முஸ்லிம் வீட்டில் “வஃபாத்தானார்” என்பார்கள், அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்துச் சுவனம் தர துஆ செய்வார்கள். பகுத்தறிவுக் குடும்பம் என்றால் “இயற்கை எய்தினார்”, ஆன்மா பேச்சே கூடாது. எது என்று தெரியாவிட்டால் “காலமானார்” என்று எழுதிவிட்டு ஆன்மா, சொர்க்கம் எதையும் தொடாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த மாதிரிக் கடிதம் வந்தால் சொல் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்றரைப் பக்கமோ அரைப் பக்கமோ, 1,500 ரூபாய் என்று சொல்லிவிடுகிறேன். எழுதியவரோடும் குடும்பத்து ஆள் ஒருவரோடும் பேச ஏற்பாடு, ஒப்பிடுகிறவருக்கு அட்டவணை, அச்சுப் பிரதி சரிபார்ப்பு எல்லாம் அதில் அடக்கம். யாரிடமும் பேச முடியாது, ப்ரூஃப் மட்டும் பாருங்கள் என்றால் எடுப்பதில்லை. அந்த ஏஜென்சி அதற்குப் பிறகு எனக்கு இரங்கல் கடிதம் எதுவும் அனுப்பவில்லை. மேனேஜர் மூலம் இரண்டு பேர் நேராகவே வந்தார்கள்.